நான்கு விடைகள், மூன்று தவறுகள்: ஒரு வங்கித் தேர்வுக் கணக்கின் கதை

என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகள் ஒரு வங்கியில் அதிகாரி. சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்குப் படிக்கிறாள். வங்கி ஊழியர்களுக்காக இந்திய வங்கியியல் மற்றும் நிதிக் கழகம் நடத்தும் தேர்வு அது. எழுதியவர்களைக் கேட்டால் எந்தத் தாள் பயமுறுத்தும் என்று உடனே சொல்வார்கள்: பேங்க் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட். அதில் ஐந்தாறு வரி விவரம் கொடுத்து, 'இந்த வங்கியின் மூலதனப் போதுமை விகிதம் என்ன?' என்று கேட்கும் குறுங்கணக்குகள் வரும். வேண்டியது பெருக்கலும் வகுத்தலும்தான். ஆனாலும் பத்து வருடம் கல்லாவில் நின்றவர்கள்கூட அதில் சறுக்குகிறார்கள்.

அவளுக்காக ஒரு கணக்கு தயாரித்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துத் தாளை நீட்டினாள். விடை 13.48 சதவீதம்.

"கொடுத்த நான்கில் இது இருக்கு மாமா, அப்போ சரிதானே?"

அங்கேதான் பிடி இருக்கிறது. இந்த மாதிரி வினாக்களில் தவறான விடைகள் சும்மா வந்து உட்காருவதில்லை. வினா தயாரிப்பவர் முதலில் மாணவர் எங்கே தவறுவார் என்று யோசித்து, அந்தத் தவறைச் செய்தால் என்ன எண் வருமோ அதையே ஒரு விடையாக வைப்பார். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். தன் விடை தாளில் இருப்பதைப் பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடும். சரிபார்க்கத் தோன்றாது.

அந்தக் கணக்கை இங்கே முழுக்கப் போட்டுப் பார்ப்போம். தேர்வு எழுதாதவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு. நம் சேமிப்பு இருக்கும் வங்கி உறுதியாக நிற்கிறதா என்பதை ரிசர்வ் வங்கி அளக்கும் கோல்களில் முக்கியமானது இது.

கணக்கு இதுதான்

எல்லாத் தொகையும் கோடி ரூபாயில்.

மூலதனப் பக்கம்: பங்கு மூலதனம் 300. ரிசர்வுகள் 200. சொத்து மறுமதிப்பீட்டு ரிசர்வ் 100. புலனாகாச் சொத்துகள் 35. கூடுதல் டயர் 1 பாண்டு 30. நல்ல கடன்களுக்கான பொது ஒதுக்கீடு 80. முதிர்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் டயர் 2 பாண்டு 60.

சொத்துப் பக்கம்: ரொக்கமும் ரிசர்வ் வங்கி இருப்பும் 500. மத்திய அரசுக் கடன்பத்திரங்கள் 2,000. மற்ற வங்கிகளில் இருப்பு 500. வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்குள் கொடுத்த வீட்டுக்கடன்கள் 2,000 (எடை 35%). சில்லறைக் கடன்கள் 1,600 (எடை 75%). 'டிரிபிள் பி' தரமதிப்பீடு பெற்ற கம்பெனிகளுக்குக் கடன் 2,300. வாராக்கடன் 300, அதற்கென ஒதுக்கியது 60. செயல்திறன் உத்தரவாதம் 520 (வாடிக்கையாளரின் எடை 100%).

சந்தை இடருக்கான மூலதனத் தேவை 40. செயல்பாட்டு இடருக்கான மூலதனத் தேவை 56.

மூலதனப் போதுமை விகிதம் என்ன? (அ) 13.48% (ஆ) 11.58% (இ) 11.33% (ஈ) 11.00%

முதலில் எது மேலே, எது கீழே

விகிதம் என்றால் ஒரு பின்னம். மேலே வங்கியின் மூலதனம், கீழே இடர் எடையிட்ட சொத்துகள். மேலதைக் கீழதால் வகுத்து நூறால் பெருக்கினால் முடிந்தது. வங்கியில் இதை 'சி.ஆர்.ஏ.ஆர்.' என்றே சொல்வார்கள்.

மூலதனம் என்றதும் எங்கோ பெட்டகத்தில் பூட்டி வைத்த பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் 10 லட்ச ரூபாய்க்குச் சரக்கு. முதலாளி போட்டது 1 லட்சம், வெளியில் வாங்கிய கடன் 9 லட்சம். மழையில் நனைந்து 80,000 ரூபாய்ச் சரக்கு வீணானால் அடி முதலாளிக்கு. கடன் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றரை லட்சம் வீணானால், முதலாளியின் பணம் முழுக்கப் போய், மிச்ச 50,000 கடன் கொடுத்தவர் தலையில் விழும். அந்த முதல் 1 லட்சம்தான் மூலதனம். அது நோட்டாக எங்கும் இல்லை, சரக்கில் கலந்து கிடக்கிறது. அதன் வேலை முதல் அடியைத் தாங்குவது. வங்கியில் அந்த 9 லட்சத்தின் இடத்தில் இருப்பது நம் டெபாசிட்.

ஆனால் எல்லாச் சரக்கும் ஒரே மாதிரி நனைவதில்லை. பித்தளைப் பாத்திரம் நனைந்தாலும் துடைத்து விற்கலாம், பட்டுப் புடவை போனால் போனதுதான். வங்கிச் சொத்திலும் அதே கதை. ரிசர்வ் வங்கியிடம் இருக்கும் நூறு ரூபாயும் நலிந்த கம்பெனியிடம் இருக்கும் நூறு ரூபாயும் ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொரு சொத்தையும் அதன் ஆபத்துக்கு ஏற்ற ஒரு சதவீதத்தால் பெருக்கிய பிறகே கூட்டுகிறார்கள். அந்தச் சதவீதம்தான் இடர் எடை, வங்கிப் பேச்சில் 'ரிஸ்க் வெயிட்'.

இந்த முறை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் பிறந்தது. 1974-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி கவிழ்ந்தபோது அதன் அதிர்ச்சி பல நாட்டு வங்கிகளுக்குப் பரவியது. அதையொட்டி மத்திய வங்கிகள் சேர்ந்து அங்கே ஒரு குழு அமைத்தன. அந்தக் குழு 1988-ல் குறைந்தபட்ச விகிதம் 8 சதவீதம் என்றது. நரசிம்மம் குழுவின் பரிந்துரைக்குப் பின் 1992-ல் இந்தியா இதை ஏற்றது. 2000 மார்ச் முதல் நம் ரிசர்வ் வங்கி ஒரு சதவீதம் கூட்டி 9 ஆக்கியது. அதோடு நெருக்கடிக் காலத்துக்கென இன்னொரு இரண்டரை சதவீதத் தாங்கலும் 2021 அக்டோபரிலிருந்து முழுதாகச் சேர்ந்துவிட்டது. இப்போது வணிக வங்கிகள் தொட வேண்டிய கோடு 11.5.

கீழ்ப் பக்கத்தை எழுதுவோம்

கணக்கை எப்போதும் கீழிருந்து தொடங்குவது நல்லது. மேலே உள்ள ஒரு வரிக்குக் கீழே வரும் எண் தேவைப்படும் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

ரொக்கம், ரிசர்வ் வங்கி இருப்பு, மத்திய அரசுக் கடன்பத்திரம் ஆகியவற்றுக்கு எடை பூஜ்யம். ஆக 2,500 கோடி சொத்து நம் கணக்கில் சேரவே சேராது. மற்ற வங்கிகளில் இருக்கும் 500 கோடிக்கு எடை 20. வருவது 100. வீட்டுக்கடன் 2,000-க்கு 35, வருவது 700. சில்லறைக் கடன் 1,600-க்கு 75, வருவது 1,200. டிரிபிள் பி கம்பெனிக்கு எடை 100, ஆகவே 2,300 அப்படியே வரும். இதே கம்பெனி டிரிபிள் ஏ வாங்கியிருந்தால் எடை 20-தான். தரமதிப்பீட்டு நிறுவனம் போடும் ஓர் எழுத்துக்கு வங்கி எவ்வளவு மூலதனம் கொடுக்கிறது என்பது இங்கே தெரியும்.

வாராக்கடனில் முதல் கண்ணி. 300 என்று இருக்கிறது, ஆனால் 60 கோடி ஏற்கெனவே லாபத்திலிருந்து எடுத்து ஒதுக்கியாயிற்று. நஷ்டம் என்று ஒப்புக்கொண்ட பணத்துக்கு மறுபடி மூலதனம் வைக்கத் தேவையில்லை. ஆக கணக்கில் வருவது 240. எடை என்ன? அது எவ்வளவு ஒதுக்கினோம் என்பதைப் பொறுத்தது. ஒதுக்கீடு நிலுவையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எடை 150, இருபதைத் தொட்டால் 100, ஐம்பதைத் தொட்டால் 50. இங்கே 300-க்கு 60, சரியாக இருபது. எடை 100, வருவது 240. இந்த இருபதை 240-ஐ வைத்துப் பார்க்கக் கூடாது, ஒதுக்குவதற்கு முந்தைய 300-ஐ வைத்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது உத்தரவாதம். ஒரு ஒப்பந்தக்காரர் பாலம் கட்ட எடுத்தார், முடிக்காவிட்டால் நாங்கள் பணம் கட்டுகிறோம் என்று வங்கி அரசுத் துறைக்கு எழுதிக் கொடுப்பது. வங்கியிலிருந்து இன்னும் ஒரு ரூபாயும் போகவில்லை, போகவும் கூடும். இதுபோன்ற வாக்குறுதிகளை முதலில் கடனாக மாற்றிக்கொள்ள ஒரு காரணி உண்டு. வேலையை முடிப்பதற்கான செயல்திறன் உத்தரவாதத்துக்கு 50 சதவீதம். கடனை அடைப்பதற்கான நிதி உத்தரவாதம் என்றால் 100. குறுகிய கால வணிகத்துக்கான எல்.சி. என்றால் 20. நம் 520 பாதியாகி 260 ஆகிறது, அதன்மேல் 100 சதவீத எடை. வருவது 260. இரண்டு பெருக்கல், வரிசை மாறாமல்.

கூட்டுங்கள்: 100, 700, 1,200, 2,300, 240, 260. மொத்தம் 4,800. இது கடன் இடருக்கான எடையிட்ட சொத்து.

என் மாணவி தவறிய இடம்

இதுவரை அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. பிறகு சந்தை இடர் 40, செயல்பாட்டு இடர் 56, இரண்டையும் 4,800-உடன் கூட்டி 4,896 என்று எழுதிவிட்டாள். மூலதனம் 660 சரியாகவே வந்திருந்தது. 660-ஐ 4,896-ஆல் வகுத்தால் 13.48.

"இது ஏன் தப்பு மாமா? அதுவும் ரிஸ்க்தானே?"

ரிஸ்க்தான். ஆனால் 40 என்பது சொத்து அல்ல, மூலதனம். வட்டி விகிதம் ஏறி பாண்டு விலை விழுந்தால் தாங்குவதற்கு இவ்வளவு மூலதனம் வேண்டும் என்று வேறொரு முறையில் கணக்கிட்ட தொகை. மோசடி, கணினிக் கோளாறு போன்றவற்றால் வரும் நஷ்டத்துக்கு 56 அதே போன்றது. பின்னத்தின் கீழே சொத்துதான் நிற்க வேண்டும். மூலதனத்தைச் சொத்தோடு கூட்டுவது வாடகையையும் வீட்டு விலையையும் கூட்டுவது போல.

அப்படியானால் '40 கோடி மூலதனம் கேட்கும் சொத்து எவ்வளவு?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். பாசல் விதியில் நூறு ரூபாய் எடையிட்ட சொத்துக்கு 8 ரூபாய் மூலதனம். நூறை எட்டால் வகுத்தால் 12.5. ஆகவே மூலதனத் தேவையை 12.5-ஆல் பெருக்கினால் அதற்கு ஈடான சொத்து கிடைக்கும். 40 என்பது 500 ஆகிறது, 56 என்பது 700 ஆகிறது. கீழ்ப் பக்கம் 4,800-உடன் 1,200 சேர்ந்து 6,000.

பழைய வினாத்தாள்களை வைத்துப் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பாசல் இரண்டாம் கட்ட விதிகளின் காலத்தில் இந்தியாவின் குறைந்தபட்சம் 9 என்பதால் நூறை ஒன்பதால் வகுத்து, அதாவது ஏறத்தாழ 11.11-ஆல் பெருக்கும் வழக்கம் இருந்தது. அதன்படி போட்டால் நம் கணக்கின் விடை 11.25 வரும். வினாவிலேயே எதை எடுப்பது என்று சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சொல்லவில்லை என்றால் சர்வதேச விதியின் 12.5.

இனி மேலே

மூலதனத்தில் தரம் உண்டு. முதல் தரம், பங்குதாரர் பணமும் சேர்த்து வைத்த லாபமும். எந்த நஷ்டத்தையும் முதல் நாளே தாங்கும். இதைப் பொதுப் பங்கு டயர் 1 என்கிறார்கள். அடுத்தது கூடுதல் டயர் 1 பாண்டு. முதிர்வுத் தேதி இல்லாதது, வங்கி தடுமாறினால் வட்டியை நிறுத்தலாம், அசலையே அழிக்கலாம். மூன்றாவது டயர் 2. வங்கியே மூழ்கும்போதுதான் அது அடி வாங்கும்.

நம் வங்கியின் முதல் தரத்தில் 300-ம் 200-ம் தயங்காமல் சேரும். மறுமதிப்பீட்டு ரிசர்வ் 100-ஐ என்ன செய்வது? மவுண்ட் ரோட்டில் அறுபதுகளில் சில லட்சத்துக்கு வாங்கிய கட்டடத்துக்கு இன்று பல கோடி மதிப்பு என்று மதிப்பீட்டாளர் எழுதித் தருகிறார். புத்தகத்தில் லாபம் வந்துவிட்டது, கையில் பணம் வரவில்லை. விற்கப் போனால் அந்த விலை கிடைக்குமா, வரி எவ்வளவு போகும் என்பதும் தெரியாது. ஆகவே 55 சதவீதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தையே சேர்க்கச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. சேர்வது 45. கழிக்க வேண்டிய 55-ஐச் சேர்த்துவிடுவது பரீட்சை மண்டபத்தில் அடிக்கடி நடப்பது. 2016 மார்ச்சுக்கு முந்தைய புத்தகங்களில் இந்த ரிசர்வ் டயர் 2-ல் இருக்கும். அதன் பிறகு முதல் தரத்துக்கு மாறிவிட்டது.

அடுத்து, புலனாகாச் சொத்து 35. இன்னொரு நிறுவனத்தை வாங்கும்போது நற்பெயருக்கென்று கொடுத்த கூடுதல் விலை போன்றவை. வங்கி நொடித்தால் நற்பெயர்தான் முதலில் போகும். நஷ்டத்தைத் தாங்க வேண்டிய நாளில் இல்லாமல் போகும் ஒன்றை மூலதனம் என்று எண்ணக் கூடாது, முழுதாகக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தவருக்கு மூலதனம் 695 ஆகும், விடை 11.58. அதுதான் (ஆ). இந்த ஒரு மறதி 11.5 என்ற கோட்டைத் தொடாத வங்கியைத் தொட்டதாகக் காட்டிவிடுகிறது.

ஆக முதல் தரம்: 300, 200, 45 கூட்டி 35 கழித்தால் 510. கூடுதல் டயர் 1 பாண்டு 30 சேர்ந்து 540.

டயர் 2-ல் பாண்டு 60 முழுதாக வரும். 'முதிர்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல்' என்ற சொற்களை வினாவில் வீணாக வைக்கவில்லை. கடைசி ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் அதன் மதிப்பில் இருபது சதவீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க அது மூலதனமாக இருக்கும் தகுதி தேய்கிறது.

மிச்சம் பொது ஒதுக்கீடு 80. எந்தக் குறிப்பிட்ட கடனுக்கும் அல்லாமல், நல்ல கடன்களுக்கும் முன்னெச்சரிக்கையாக வைத்தது. இதற்கு ஒரு கூரை உண்டு: கடன் இடருக்கான எடையிட்ட சொத்தில் 1.25 சதவீதம். மொத்த 6,000-த்தில் அல்ல, கடனுக்கான 4,800-ல். கீழிருந்து தொடங்கச் சொன்னது இதற்காகத்தான். 4,800-ல் 1.25 சதவீதம் 60. எண்பது கோடி இருந்தாலும் அறுபதுதான் சேரும். எண்பதையும் சேர்த்தவருக்கு மூலதனம் 680, விடை 11.33. அது (இ).

டயர் 2 மொத்தம் 120. எல்லாம் சேர்ந்து 660. கீழே 6,000. விகிதம் 11.00. விடை (ஈ).

விடைக்குப் பின் வரும் வினா

இதோடு தேர்வு விடுவதில்லை. அதே விவரத்தின் மேல் இன்னும் இரண்டு மூன்று கேள்வி வரும். முக்கியமானது: இந்த வங்கி இன்னும் எவ்வளவு கடன் கொடுக்கலாம்?

9 சதவீதம் போதும், மூலதனமும் 660-லேயே நிற்கும் என்று வைத்தால், 660 கோடி மூலதனம் தாங்கக்கூடிய எடையிட்ட சொத்து 660-ஐ 0.09-ஆல் வகுத்தால் வரும்: ஏறத்தாழ 7,333 கோடி. இப்போது இருப்பது 6,000. மிச்ச இடம் 1,333. எடை 100 உள்ள கம்பெனிக் கடனாகக் கொடுத்தால் அவ்வளவுதான் கொடுக்கலாம். எடை 35 உள்ள வீட்டுக்கடனாகக் கொடுத்தால் 1,333-ஐ 0.35-ஆல் வகுக்க, சுமார் 3,809 கோடி கொடுக்கலாம். வங்கி மேலாளர்கள் வீட்டுக்கடனுக்கு நம்மைத் தேடி வருவதற்கும், சிறு கம்பெனிக்காரர் வாசலில் காத்திருப்பதற்கும் உள்ள காரணங்களில் இந்த வகுத்தலும் ஒன்று.

ரிசர்வ் வங்கியும் இந்த எடையைத் திருகித்தான் கடன் போகும் திசையைத் திருப்புகிறது. 2023 நவம்பரில், ஈடில்லாத தனிநபர் கடன்கள் வேகமாகப் பெருகியபோது, அவற்றுக்கான எடையை 100-லிருந்து 125 ஆக்கியது. வட்டியைத் தொடவில்லை, தடையும் போடவில்லை. அதே கடனுக்குக் கால் பங்கு மூலதனம் கூடுதலாக வேண்டும் என்றது. எடைகள் இப்படி மாறுவதால், தேர்வுக்குப் போகிறவர்கள் பழைய அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டுப் போகக் கூடாது.

தாங்கலோடு சேர்ந்த 11.5-ஐ வைத்தால் நிலைமை வேறு. 6,000-க்கு 690 கோடி வேண்டும், இருப்பது 660. பற்றாக்குறை 30 கோடி. வங்கியை யாரும் மூடப் போவதில்லை. ஆனால் ஈவுத்தொகைக்கும் போனஸுக்கும் கட்டுப்பாடு வரும். நிரப்ப இரண்டு வழி. புதுப் பங்கு விற்று 30 கோடி திரட்டலாம். அல்லது சுமார் 293 கோடி கம்பெனிக் கடனைத் திரும்ப வாங்கி அரசுக் கடன்பத்திரத்தில் போட்டால், ஒரு ரூபாய் புதிதாக வராமலே விகிதம் 11.5 ஆகிவிடும். மேலே பொது ஒதுக்கீட்டின் கூரை சற்றே இறங்கும், ஆனால் கீழே எடை அதைவிட அதிகமாகக் குறைகிறது.

ஒரு கடன் கெட்டால்

இந்த விகிதம் விழும்போது எப்படி விழும் என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. நம் வங்கியின் ஒரு 50 கோடிக் கம்பெனிக் கடன் வாராக்கடன் ஆகிறது என்று வையுங்கள். ஈடு இருக்கிறது, ஆகவே முதல் கட்டமாக 15 சதவீதம், ஏழரைக் கோடி ஒதுக்குகிறார்கள். அது ரிசர்வில் கைவைக்கும். மேலே 660 என்பது 652.5 ஆகிறது.

கீழே என்ன ஆகிறது? கடன் 42.5 கோடியாகச் சுருங்குகிறது. எடை குறைந்திருக்க வேண்டும் என்று தோன்றும். இல்லை. ஒதுக்கீடு இருபதைத் தொடவில்லை, எடை 150-க்கு ஏறிவிட்டது. 42.5-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 63.75. ஐம்பதாக இருந்த சுமை பதினான்கு கோடி அளவுக்குக் கூடிவிட்டது. மேலே குறைகிறது, கீழே ஏறுகிறது, விகிதம் 10.85. கெட்ட கடன் பின்னத்தை இரண்டு பக்கமும் கடிக்கிறது.

நூறு கடன் கெட்டால்? கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் கடைசி ஆண்டு அதைக் காட்டியது. 2020 மார்ச் முடிவில் அதன் விகிதம் 1.12 சதவீதம். ஜூனில் 0.17. செப்டம்பரில் கழித்தல் 2.85. கழித்தல் என்றால், திரண்ட நஷ்டம் முதலாளியின் பணம் முழுவதையும் தின்றுவிட்டது என்று பொருள். நவம்பர் 17-ம் தேதி பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் உச்சவரம்பு வந்தது. அந்த மாத இறுதிக்குள் வங்கி டி.பி.எஸ். இந்தியாவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 318 கோடி ரூபாய் டயர் 2 பாண்டும் அழிக்கப்பட்டது. யார் முதலில் அடி வாங்குவது என்று மேலே சொன்ன வரிசை ஏட்டில் மட்டும் இருப்பதல்ல.

விகிதத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. எல்லாம் வங்கி தன் கடன்களை நேர்மையாக வகைப்படுத்துகிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கெட்ட கடனை, புதுக் கடன் கொடுத்துப் பழையதை அடைத்து, நல்ல கடனாகவே ஓட்டினால் மேலேயும் பொய், கீழேயும் பொய், விகிதம் மட்டும் அழகாக இருக்கும். உண்மை வெளியே வரும் காலாண்டில் படிப்படியாக இறங்காது, ஒரேயடியாகச் சரியும்.

என் மாணவி கணக்கைத் திரும்பப் போட்டாள். இந்த முறை 11.00 வந்ததும் நிற்கவில்லை. மற்ற மூன்று எண்களும் எந்தத் தவறால் வந்தன என்று ஓரத்தில் எழுதினாள். தேர்வு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: விடை தாளில் இருக்கிறது என்பதற்காக அது சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேர்வு எழுதாதவர்களுக்கு ஒன்று. உங்கள் வங்கி ஒவ்வொரு காலாண்டும் இந்த விகிதத்தை வெளியிடுகிறது. முடிவுகள் வரும் நாளில் லாபத்தைப் பார்க்கும் கண், அதற்கு நாலு வரி கீழே இறங்கட்டும். மொத்த விகிதத்தோடு, அதில் பங்குதாரர் பணம் எவ்வளவு என்பதையும், போன காலாண்டைவிட ஏறியதா இறங்கியதா என்பதையும் பாருங்கள். வங்கி கவிழ்ந்தால் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரைதான். அதற்கு மேல் போட்டிருப்பவர் அந்த வரியைப் படிக்காமல் இருக்கக் கூடாது.